அம்பத்தூரின் கணக்கு மேசையில் முதல் மூன்று ஆண்டுகள்

2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வை அறிவித்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அடுத்த ஆண்டு இடங்கள் 3,935 ஆகக் குறைந்தன. அதற்கும் 14 லட்சத்தை ஒட்டி விண்ணப்பங்கள் வந்தன. இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் குறைவு. படித்த முதல் தலைமுறைக்கு மேசை வேலை என்பது வெயிலிலிருந்தும் ஷிப்டிலிருந்தும் குடும்பம் வெளியேறும் வழி. அரசு வேலை கிடைக்காத பெரும்பான்மையினர் அதே வழியைத் தனியாரிடம் தேடுகிறார்கள். சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அந்தத் தேடல் பெரும்பாலும் மூன்று இடங்களில் போய் முடிகிறது: தொழிற்பேட்டையின் சிறு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர், சேமிப்புக் கிடங்கில் சரக்குப் பதிவு எழுத்தர், அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு வேலை பார்க்கும் அலுவலகத்தில் இரவு ஷிப்ட். இந்த மூன்றையும் செயற்கை நுண்ணறிவு தொடப்போகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எத்தனை பேருக்கு வேலை போகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எனக்கு அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. இந்த வேலைகளில் இருப்பவர்களை வெளியே அனுப்புவதற்கு முன்பே, புதிதாக வருபவரை உள்ளே விடாத நிலை உருவாகும். அதன் விலையை இருபது ஆண்டுகளுக்குள் தொழிலே கொடுக்க வேண்டிவரும்.

இதைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது; ஒரு கணக்கு மேசையை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களின் நடுவில் உருவானது. அதன் உயிர்நாடி ஜாப் ஒர்க். கம்பியை வாங்குபவர் ஒருவர், கடைசல் பிடிப்பவர் இன்னொருவர், ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவர் வேறொருவர், முலாம் பூசுபவர் நான்காமவர். ஒரே உதிரிபாகம் நான்கு ஷெட்டுகளுக்குப் போய்வந்த பிறகுதான் பாடியில் இருக்கும் பெரிய ஆலைக்கோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார் தொழிற்சாலைக்கோ போகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு டெலிவரி சலான், வந்துசேர்ந்ததற்கு ஒரு ஜி.ஆர்.என்., கூலிக்கு ஒரு பில். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவில்லையென்றால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றுவிட்டதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே சலானைத் தேடி வைத்துக் கணக்குப் பார்ப்பது வெறும் ஒழுங்குக்காகச் செய்யும் வேலை அல்ல, அதற்குப் பின்னால் வரி இருக்கிறது.

ஆண்டுக்கு எட்டுக் கோடி வியாபாரமும் மாதம் முந்நூறு கொள்முதல் பில்லும் உள்ள ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஒரு மூத்தவர், இரண்டு இளையவர்கள். மாதத்தின் 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11க்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1. 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும். நமக்குப் பொருள் விற்றவர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. 15க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20ஆம் தேதி 3பி தாக்கல். இதில் 14க்கும் 20க்கும் இடைப்பட்ட ஆறு நாள்தான் கணக்கு மேசையின் உண்மையான போர்க்களம். 2022 ஜனவரியிலிருந்து 2பி பட்டியலில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரவு எடுக்க முடியாது. அதனால் நம் டாலியில் இருக்கும் முந்நூறு பில்லையும் போர்ட்டல் காட்டும் பட்டியலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாக வேண்டும். இரண்டையும் எக்ஸெலில் போட்டு விலுக்கப் அடித்தால் பெரும்பகுதி நேராகப் பொருந்திவிடும். ஒரு பங்கு பொருந்தாது: பில் எண்ணை அவர் 'ஏஇ/0123/25-26' என்று ஏற்றியிருப்பார், நாம் வெறும் '123' என்று போட்டிருப்போம், அல்லது பைசா வித்தியாசம், தேதி வித்தியாசம். இவற்றைக் கண்ணால் பார்த்துச் சேர்க்க வேண்டும். கடைசியாக ஒரு பத்துப் பதினைந்து மிஞ்சும். அவைதான் நிஜமான சிக்கல். விற்றவர் இன்னும் தாக்கலே செய்திருக்க மாட்டார், அல்லது வேறொருவரின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றியிருப்பார், அல்லது ரிஜெக்ட் ஆன சரக்குக்கு நாம் எழுதிய டெபிட் நோட்டை அவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

இதுவரை இந்த மேசையில் வேலை எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். பி.காம். முடித்து வரும் இளையவர் முதலாண்டில் பில்களை டாலியில் ஏற்றுவார், சலானைக் கோப்பில் கோப்பார். இரண்டாம் ஆண்டில் ஒப்பீடு செய்து, பொருந்தாததைப் பட்டியலிட்டு மூத்தவரிடம் தருவார். மூன்றாம் ஆண்டில்தான் போனை எடுத்து விற்பனையாளரிடம் பேசத் தொடங்குவார். கடைசிப் பதினைந்து பில் மூத்தவருடையது, முதல் இருநூற்று எண்பத்தைந்து இளையவருடையது. இன்றைய மென்பொருள் இந்த இருநூற்று எண்பத்தைந்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பில்லின் படத்தை வாசித்து எந்தக் கணக்குத் தலைப்பில் போட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. '0123'உம் '123'உம் ஒரே பில்தான் என்று ஊகிக்கிறது. கடைசிப் பதினைந்தில் அது தடுமாறுகிறது. ஆகவே மூத்தவருக்கு வேலை இருக்கிறது, சொல்லப்போனால் அவருடைய மதிப்பு கூடுகிறது. இரண்டு இளையவர்களில் ஒருவர் கல்யாணமாகியோ வேறு வேலை கிடைத்தோ போகும்போது அந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டாம் என்று முதலாளி முடிவு செய்வார். யாரையும் நீக்கவில்லை, செய்தியாகவும் வராது, எந்தப் புள்ளிவிவரத்திலும் அது வேலையிழப்பு என்று பதிவாகாது.

மூத்தவரின் அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஓர் எடுத்துக்காட்டைப் பொறுமையாகப் பார்ப்போம். ஒவ்வொன்றும் சுமார் 50 கிராம் எடையுள்ள 2,000 எஃகுப் பின்கள் துத்தநாக முலாம் பூச அனுப்பப்படுகின்றன. சலானில் 2,000 என்று இருக்கிறது. திரும்பி வரும்போது யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. தராசில் போட்டு, ஒரு பின்னின் எடையால் வகுத்து எண்ணிக்கை போடுவதுதான் வழக்கம். 2,000 என்று வருகிறது. ஜி.ஆர்.என். 2,000. கூலி பில் 2,000. போர்ட்டலிலும் அதே தொகை. எல்லாத் தாளும் பொருந்துகின்றன. மென்பொருள் பச்சை விளக்கு காட்டும். ஆனால் அசெம்பிளியில் ஒவ்வொரு லாட்டிலும் ஆறேழு பின் குறைகிறது. காரணம் தராசில் இருக்கிறது. பத்து மைக்ரான் கனத்துக்குப் பூசினால் இந்த அளவுள்ள பின் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 0.16 கிராம் துத்தநாகம் கூடும். 2,000 பின்னுக்கு அது 300 கிராமுக்குமேல், அதாவது ஆறேழு பின்னின் எடை. முலாம் தொட்டியில் விழுந்து தொலைந்த பின்களின் எடையை முலாமே ஈடுகட்டிவிடுகிறது. பூசுவதற்கு முந்தைய எடையால் வகுத்ததால் எண்ணிக்கை சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது.

இருப்புக் கணக்கில் தொடர்ந்து குறைவு வருகிறது என்பதை மென்பொருளும் கண்டுபிடிக்கும். அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் அது காட்டுவது குறைவை மட்டும்தான். ஷெட்டுக்குள் போய் எந்தத் தராசில், எப்போது எடை போடுகிறார்கள், வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு, அந்த முலாம் பூசுபவரின் சலான்களை மாதக்கணக்கில் கையால் பதிந்த ஒருவர் வேண்டும். எந்தச் சப்ளையர் எப்போதும் தாமதம், யார் தன் ஆடிட்டரின் மேல் பழிபோடுவார், எந்த பில்லில் வழக்கமாக ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பதில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று தப்பாக வரும் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகச் சொல்லித் தரப்பட்டவை அல்ல. அந்தச் சலிப்பூட்டும் பதிவு வேலையின் ஊடாக, அவர் அறியாமலேயே அவருக்குள் சேர்ந்தவை. நிறுவனம் பதிவுக்கு என்று சம்பளம் கொடுத்தது. அதே சம்பளத்தில் பயிற்சியும் நடந்துகொண்டிருந்ததை யாரும் தனிச் செலவாக எழுதவில்லை. எழுதாத செலவு என்பதால்தான் அது நிற்கும்போது யாரும் கவனிக்கப்போவதும் இல்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று வரும். கணினி வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள், 1960களில் எல்.ஐ.சி.யில் கணினிக்கு எதிராக ஊழியர்கள் போராடினார்கள், வங்கிகளில் 1983 ஒப்பந்தம் வரை நீண்ட இழுபறி நடந்தது. கடைசியில் வங்கி வளர்ந்தது, வேலையும் வளர்ந்தது என்பார்கள். இதில் பாதி உண்மை. மறுபாதியையும் பார்க்க வேண்டும். 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். எழுத்தர்களைத் தேர்ந்தெடுத்துவந்த வங்கிப் பணித் தேர்வு வாரியங்கள் 2001இல் கலைக்கப்பட்டன. ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொது எழுத்தர் தேர்வு 2011இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் புதிய எழுத்தர்கள் வந்தது மிகக் குறைவு. 2010இல் வங்கி மனிதவளம் பற்றி அறிக்கை தந்த காண்டேல்வால் குழு, பெருந்தொகையான ஓய்வு அலையை எதிர்கொள்ளும் வங்கிகளில் நடுவயதுத் தலைமுறை இல்லாததைப் பெருங்குறையாகச் சுட்டியது. இயந்திரம் வந்து ஏற்கெனவே இருந்தவர்களைத் துரத்தியதைவிட, பல ஆண்டுகள் போதிய ஆள் எடுக்காமல் விட்டதன் விளைவுதான் நீண்டநாள் வலித்தது. வங்கி வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுதான், கணினியை எதிர்த்தவர்கள் தோற்றார்கள் என்பது அல்ல.

டாலியையும் ஜிஎஸ்டியையும் வைத்து இதே மறுப்பை இன்னும் கூர்மையாக வைக்கலாம். டாலி பரவியபோது கணக்கர்கள் குறையவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அம்பத்தூரில் கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடுதான் ஏற்பட்டது. உண்மை. ஆனால் அப்போது வேலை கூடியதற்குக் காரணம், ஒவ்வொரு புதிய விதியும் ஒரு மனிதர் விசைப்பலகையில் தட்ட வேண்டிய புதிய தகவலைக் கேட்டது என்பதே. காகிதத்தில் இருந்ததைக் கணினிக்குள் ஏற்ற ஒரு கை தேவைப்பட்டது. இ-இன்வாய்ஸ் அந்தக் கையைத் தேவையற்றதாக்குகிறது. விற்பவரின் மென்பொருளில் பிறக்கும் பில், அரசுத் தளத்தில் பதிவு எண்ணும் க்யூஆர் குறியீடும் பெற்று, விற்றவரின் ஜிஎஸ்டிஆர்-1க்கும், அவர் அதைத் தாக்கல் செய்ததும் வாங்குபவரின் 2பிக்கும் தானாகப் போய்ச் சேர்கிறது. 2020 அக்டோபரில் 500 கோடிக்குமேல் வியாபாரம் செய்தவர்களுக்கு மட்டுமே இருந்த இந்தக் கட்டாயம், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டுவிட்டது. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேலாண்மை முறையில், வந்த பில்லை ஏற்பதா, மறுப்பதா, நிறுத்தி வைப்பதா என்று போர்ட்டலிலேயே முடிவு செய்யலாம். அதாவது தட்டுவது குறைந்து தீர்மானிப்பது கூடுகிறது. பழைய தொழில்நுட்பம் எழுத்தரின் கைக்கு வேலை கொடுத்தது. இது கையைக் கடந்து போகிறது. ஆகவே பழைய அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

வாடிக்கையாளர் சேவையிலும் இதே வடிவத்தைப் பார்க்கலாம். மேற்குப் புறநகரில் அதன் பரவலான உருவம் ஏ.ஆர். காலர் வேலை. அமெரிக்க மருத்துவமனை அனுப்பிய காப்பீட்டுக் கோரிக்கைக்கு முப்பது நாளாகியும் பணம் வரவில்லையென்றால், இங்கே இரவில் விழித்திருக்கும் ஒருவர் அங்குள்ள காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்கிறார். நெடுநேரம் ஹோல்டில் காத்திருக்கிறார். கோரிக்கை வந்துசேர்ந்ததா, பரிசீலனையில் இருக்கிறதா, மறுக்கப்பட்டதா, எந்தக் குறியீட்டின்கீழ் மறுக்கப்பட்டது என்று கேட்டுக் குறிப்பு எழுதுகிறார். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதம் இந்த நிலவரம் கேட்கும் அழைப்புகள்தான். அதில் ஆங்கிலக் காது பழகும், காப்பீட்டு நிறுவனங்களின் போக்கு பிடிபடும். பிறகு மறுப்புகளைக் கையாள்வார், முறையீடு எழுதுவார், தரச் சோதனைக்கோ டீம் லீடர் பதவிக்கோ போவார். இப்போது நிலவரத்தைக் காப்பீட்டாளரின் இணையதளத்திலிருந்தோ மின்னணுப் பரிமாற்றத்திலிருந்தோ மென்பொருளே எடுத்துவிடுகிறது. ஹோல்டில் காத்திருக்கும் வேலையைக் குரல் மென்பொருளும் செய்யத் தொடங்கிவிட்டது. மிஞ்சுவது முறையீடு. அதாவது மருத்துவக் குறிப்பை வாசித்து, எந்தச் சான்றை இணைத்தால் மறுப்பு மாறும் என்று தீர்மானிக்கும் வேலை. அதை முதல் நாளே செய்யக்கூடியவர் யாரும் இல்லை.

இதற்கு எதிராக ஓர் ஆய்வை முன்வைக்கலாம், முன்வைக்கத்தான் வேண்டும். எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியெல் லீ, லின்ட்சே ரேமண்ட் மூவரும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை நுண்ணறிவு பதில்களைப் பரிந்துரைத்தபோது சராசரியாக 14 விழுக்காடு கூடுதல் வேலை முடிந்தது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் அது 34 விழுக்காடு. அனுபவசாலிகளுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அப்படியானால் இந்தக் கருவி புதியவருக்குத்தானே நண்பன்? வேலையில் இருக்கும் புதியவருக்கு, ஆம். அனுபவசாலிகளின் பேச்சிலிருந்து கற்ற கருவி அதைப் புதியவரின் திரையில் தருகிறது. அவர் சீக்கிரம் தேறுகிறார். ஆனால் அந்த ஆய்வு ஏற்கெனவே வேலையில் சேர்ந்தவர்களை அளந்தது. எத்தனை பேர் சேர்க்கப்படுவார்கள் என்பது அதன் கேள்வி அல்ல. அந்தக் கேள்விக்கு நெருக்கமான விடை, பிரின்யோல்ஃப்சன் வேறு இருவருடன் சேர்ந்து 2025 ஆகஸ்டில் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் இருக்கிறது. அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், செயற்கை நுண்ணறிவு அதிகம் தொடும் தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 விழுக்காடு சரிந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவமுள்ளவர்களின் எண்ணிக்கை நிலையாகவோ கூடியோ இருந்தது. இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் முரண் இல்லை: உள்ளே வந்தவருக்குக் கருவி கைகொடுக்கிறது, அதனாலேயே உள்ளே வர வேண்டியவர்களின் எண்ணிக்கை குறைகிறது. அமெரிக்க நிலவரம் அம்பத்தூருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வேலை வடிவம் ஒன்றாக இருக்கும் இடத்தில் திசையும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கச் சம்பளம் எங்கே, அம்பத்தூர்ச் சம்பளம் எங்கே, இங்கே ஆள் மலிவு, எட்டுக் கோடி நிறுவனம் ஏன் மென்பொருளில் பணம் போட வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. வேகத்தை இது நிச்சயம் குறைக்கும். ஐந்து கோடிக்குக் கீழே இருக்கும் லேத் பட்டறைக்காரர் இன்னும் கையால் எழுதிய பில்தான் தருகிறார், அது நெடுநாள் தொடரும். ஆனால் சிறு நிறுவனம் தானாகத் தீர்மானித்து மாறுவது அரிது. அதற்குப் பொருள் வாங்கும் பெரிய ஆலையும் அரசின் போர்ட்டலும்தான் அதை மாற்றுகின்றன. ஆர்டர், அனுப்பும் அட்டவணை, பில், ரிஜெக்ஷன் எல்லாமே பெரிய ஆலையின் வெண்டர் போர்ட்டலில்தான் என்று ஆகிவிட்டால், சிறு நிறுவனத்துக்குத் தனியாகத் தேர்வு இல்லை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கிடங்குகளில் இதை இப்போதே காணலாம். லாரி வந்ததும் இ-வே பில்லையும் பெட்டியின் பார்கோடையும் ஸ்கேன் செய்தால் சரக்கு வரவு பதிவாகிவிடுகிறது. ரெஜிஸ்டர் எழுதிய எழுத்தரின் இடத்தில் ஸ்கேனர் பிடித்த தொழிலாளி நிற்கிறார். மென்பொருளும் தனியாக விலை கொடுத்து வாங்கும் பொருளாக வராது. ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கு மென்பொருளின் அடுத்த பதிப்பில் அது சேர்ந்தே வரும்.

இயந்திரம் தவறு செய்கிறது, ஆகவே மனிதர் வேண்டும் என்பது கடைசி ஆறுதல். தவறு செய்கிறது, உண்மைதான். 700 ஊழியரின் வேலையைத் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் செய்வதாக 2024இல் அறிவித்த ஸ்வீடன் நிறுவனம் க்ளார்னா, அடுத்த ஆண்டு வாடிக்கையாளர் சேவைக்கு மீண்டும் மனிதர்களைச் சேர்க்கப் போவதாகச் சொன்னது. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, குரல் மென்பொருளை நம்பி நீக்க முடிவு செய்த 45 பணியிடங்களை 2025 ஆகஸ்டில் திரும்பக் கொடுத்தது. கணக்கில் தவறின் விலை இன்னும் நேரடியானது. தப்பாக எடுத்துப் பயன்படுத்திய உள்ளீட்டு வரவுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. கையெழுத்துப் போட்டவர் மனிதர், நோட்டீஸும் அவருக்குத்தான் வரும். ஆனால் யார் அந்தத் தவறைக் கண்டுபிடிப்பார் என்று கேட்டுப் பாருங்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும் முந்நூறு பதிவில் மூன்று தப்பு எங்கே என்று உணர்வது, முந்நூறையும் பதிவதைவிடக் கடினம். இயந்திரத்தின் தவறைத் திருத்தும் வேலை மூத்தவருக்கான வேலை. அது இளையவருக்கு வாய்ப்பாக மாறாது.

இவற்றை வைத்து அடுத்த இருபது ஆண்டை நான் இப்படித்தான் கணிக்கிறேன். முதல் ஏழெட்டு ஆண்டுகள் அமைதியாகவே தெரியும். தொழிற்பேட்டைக் கணக்கு மேசைகளில் மூன்று பேர் இருவராவார்கள். இரவு ஷிப்டுகளில் நிலவரம் கேட்கும் குழுக்கள் சுருங்கும். யாரும் பெரிதாகப் போராட மாட்டார்கள், ஏனென்றால் வேலையில் சேராதவருக்குச் சங்கம் இல்லை. சுமையின் பெரும்பங்கு பெண்கள்மேல் விழும். எழுத்தர் பணிகளில் உள்ள செயல்களில் 24 விழுக்காடு மிக அதிகமாகவும், மேலும் 58 விழுக்காடு நடுத்தர அளவிலும் இந்தத் தொழில்நுட்பத்தின் தாக்கத்துக்கு உட்படும் என்று 2023இல் கணித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அத்தகைய பணிகளில் பெண்கள் மிகுதி என்பதால் அவர்கள்மேல் தாக்கம் கூடுதல் என்றும் சொன்னது. ஆவடியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பக்கூடிய பகல் வேலை என்பதால் கணக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கும் பெண்களுக்கு, அதற்கு ஈடான மாற்று அருகில் இல்லை. பிறகு 2035ஐ ஒட்டி மறுபக்கம் தெரியவரும். இன்று நாற்பத்தைந்து வயதில் இருக்கும் மூத்த கணக்கர்கள் ஓய்வை நெருங்குவார்கள். அவர்களுக்குப் பின்னால் வர வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் தொழிலுக்குள் வந்திருக்கவே மாட்டார்கள். வங்கிகள் 2010இல் கண்டதைச் சிறு நிறுவனங்கள் அப்போது காணும். வங்கிக்காவது நாடு தழுவிய தேர்வு நடத்தி ஆள் சேர்க்கும் வசதி இருந்தது. எட்டுக் கோடி நிறுவனத்துக்கு அது இல்லை. 2046க்குள் தொழில்நுட்பம் அந்தக் கடைசிப் பதினைந்தையும் தீர்க்கும் அளவுக்கு வளர்ந்துவிடலாமே என்றால், ஒரு பகுதியைத் தீர்க்கலாம். ஆனால் அந்தப் பதினைந்தில் பெரும்பாலானவை தகவல் சிக்கல்கள் அல்ல, இரண்டு நிறுவனங்களுக்கிடையே நஷ்டத்தை யார் ஏற்பது என்ற தகராறுகள். அவை பேசித்தான் தீரும்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்கு ஒரே ஒரு விஷயம் உறுதியாகப் படுகிறது: பதிவு வேலைக்குள் மறைந்திருந்த பயிற்சியை வெளியே எடுத்து, அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். பட்டய கணக்காளர் படிப்பில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பழகுநர் காலம் இருப்பது இதற்காகத்தான். அதையே 2023இல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். பெரும்பாலான பி.காம். மாணவர்களுக்கோ அப்படி ஒன்று இல்லை. பட்டாபிராமிலோ அம்பத்தூரிலோ கல்லூரியில் படிக்கும் மாணவர், இறுதி ஆண்டில் வாரம் இரண்டு நாள் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் 2பி ஒப்பீட்டில் உட்கார வேண்டும். பொருந்தியதைப் பார்க்க வேண்டாம், பொருந்தாததை மட்டும் பார்க்கட்டும். சலானைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்த் தராசைப் பார்க்கட்டும். அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அது எந்திரப் பணியாளரைத் தேடிப் போகிற அளவுக்குக் கணக்கு மேசையைத் தேடி வரவில்லை. தனி நிறுவனம் ஒன்று பயிற்சி கொடுத்தால் தேறியவர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. அதனால் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் போன்ற பொது அமைப்பு அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே வட்டாரத்திலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள். இதனால் பழைய எண்ணிக்கையில் வேலை திரும்பி வராது. உள்ளே வருபவர்கள் தேறி மேலே போக மட்டும் வழி கிடைக்கும்.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஆவடிப் பகுதி இளைஞர்களுக்கு ஊரருகே அலுவலக வேலை என்ற எதிர்பார்ப்பு அதைச் சுற்றி இருக்கிறது. அங்கே எத்தனை இருக்கைகள் நிரம்புகின்றன என்பதோடு, நிரப்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அது முதல் வேலை என்பதையும் அரசு கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். தொழிற்பேட்டையில் கவனிக்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. கணக்கு உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தில் 'அனுபவம் தேவையில்லை' என்பது மறைந்து 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்பது குறைந்தபட்சத் தகுதியாகிறதா. இ-இன்வாய்ஸ் வரம்பு ஐந்து கோடியிலிருந்து இன்னும் கீழே இறங்குகிறதா. இரவு ஷிப்ட் நிறுவனங்களில் புதியவர்களுக்கான பயிற்சிக் குழுக்கள் ஆண்டுக்கு எத்தனை தொடங்கப்படுகின்றன. முதலாவதை வேலைவாய்ப்பு அலுவலகமும் கல்லூரிகளும் இன்றே எண்ணத் தொடங்கலாம். பணிநீக்கக் கணக்கில் எதுவும் தெரியவருவதற்குப் பல ஆண்டு முன்னதாகவே மாற்றம் அங்கே தெரிந்துவிடும்.